இரண்டு பேர் டீமின் முதல் ஸ்பிரிண்ட்: யூசர் ஸ்டோரியும் கிரைட்டீரியாவும் எழுதுவது எப்படி

திருப்பூர், கோவை, ஈரோடு பக்கம் இரண்டு பேராகச் சேர்ந்து, பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் செய்துகொடுக்க ஒத்துக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரியும், கஸ்டமரும் கிடைத்துவிட்டார், ஸ்பிரிண்ட் எனும் இரண்டு வார வேலைச் சுற்றில் முதலாவதைத் திங்கட்கிழமை தொடங்க வேண்டும். ஆனால் என்ன செய்வது, எது முடிந்தால் முடிந்தது என்று தாளில் எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. முதலாவதுதான் யூசர் ஸ்டோரி, இரண்டாவது கிரைட்டீரியா. நாங்கள் அதில் நிறையத் தட்டுத்தடுமாறித்தான் ஒரு வழிக்கு வந்தோம்.

ஒரே உதாரணத்தைக் கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன். திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி. நிட்டிங் முடிந்த துணியை டையிங்குக்கு அனுப்புகிறார்கள். போகும்போது ஒரு டி.சி. போடுகிறார்கள், அதாவது டெலிவரி சலான். சாயம் ஏறித் துணி திரும்பி வரும்போது எடை பார்த்து இன்வர்ட் நோட்டில் எழுதுகிறார்கள். எது போனது, எது வந்தது, எது இன்னும் பாக்கி என்று போனிலேயே பார்க்க வேண்டும். கஸ்டமர் கேட்டது இவ்வளவுதான்.

1. எழுதுவதற்கு முன் காகிதங்களை வாங்குங்கள்

கஸ்டமர் வாயால் சொல்வதை மட்டும் கேட்டு ஸ்டோரி எழுதாதீர்கள். அவர் வேலை எப்படி நடக்க வேண்டுமோ அதைச் சொல்வார். எப்படி நடக்கிறது என்பது காகிதத்தில்தான் இருக்கும். வாங்க வேண்டியவை: போன மாதத்து டி.சி. புத்தகத்தின் நகல், டையிங்காரர் துணியோடு அனுப்பும் டி.சி.க்கள், இன்வர்ட் நோட்டு. இவற்றோடு, துணிப் பொறுப்பாளர் தனக்காக வைத்திருக்கும் சொந்தக் குறிப்பு நோட்டும் வேண்டும். இந்தக் கடைசி நோட்டைத்தான் யாரும் தானாகக் காட்ட மாட்டார்கள். ஆனால் பாதி விதிகள் அதில்தான் இருக்கும். ரேட், பார்ட்டி பெயர் எல்லாம் அதில் இருக்கும் என்பதால் முதலாளியிடம் கேட்டுவிட்டே போட்டோ எடுங்கள்.

சனிக்கிழமை போகாதீர்கள். வாரச் சம்பளம் போடும் நாளில் யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது. செவ்வாய், புதன் காலையில் போனால் ஒரு மணி நேரம் நிம்மதியாகக் கிடைக்கும்.

நோட்டைப் புரட்டிக்கொண்டே இப்படிக் கேளுங்கள்: "அண்ணா, இந்த வரியைச் சுத்தி வட்டம் போட்டிருக்கீங்களே, எதுக்குங்க?" எங்களுக்குக் கிடைத்த பதில் இது: "அது தம்பி, துணி வந்துருச்சு, ஆனா லாஸ் ஜாஸ்தி. பில்லு போடறப்ப பிடிக்கோணும்." லாஸ் என்றால் சாயம் ஏற்றும்போது துணியில் குறையும் எடை. அந்த ஒரு வட்டம் ஒரு முழு ஸ்டோரி. ஆபீஸில் உட்கார்ந்து யோசித்தால் அது வந்திருக்காது.

2. ஸ்டோரியை ஒரு ஆளின் பெயரில் எழுதுங்கள்

யூசர் ஸ்டோரிக்கு வழக்கமான வடிவம் மூன்று துண்டு: யார், என்ன வேண்டும், எதற்காக. இதில் "யார்" என்ற இடத்தில் "யூசர்" என்று எழுதிவிட்டால் அந்தத் துண்டு வீண். நம் கம்பெனியில் டி.சி. போடுவது ஒருவர், எடை பார்த்து இறக்குவது இன்னொருவர், பாக்கி கேட்டு டையிங்குக்குப் போன் போடுவது துணிப் பொறுப்பாளர், பில் பாஸ் செய்வது கணக்குப் பிள்ளை. நால்வருக்கும் வேண்டியது வேறுவேறு.

முதலாளி சொன்னபடியே எழுதினால் இப்படி இருக்கும்: "டையிங் மேனேஜ்மென்ட் மாட்யூல் வேண்டும்." இது ஸ்டோரி ஆகாது, ஆறு மாத வேலையின் தலைப்பு. ஸ்டோரி இப்படி இருக்கும்:

"துணிப் பொறுப்பாளருக்கு, டையிங்குக்குப் போன ஒவ்வொரு டி.சி.யிலும் இன்னும் எத்தனை கிலோ வரவில்லை என்று ஒரே பட்டியலாகத் தெரிய வேண்டும். காலையில் எந்த டையிங்குக்கு முதலில் போன் போடுவது என்று அவர் அதைப் பார்த்து முடிவு செய்வார்."

மூன்றாவது துண்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். பட்டியலை எப்படி வரிசைப்படுத்துவது என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது. போன் போடத்தான் பட்டியல் என்றால், டி.சி. எண் வரிசை உதவாது. டையிங் வாரியாகப் பிரித்து, பழைய டி.சி. மேலே வர வேண்டும். காரணம் எழுதப்படாத ஸ்டோரியில் இந்த முடிவை நிரல் எழுதுபவர் ராத்திரி பத்து மணிக்குத் தானாக எடுத்துவிடுவார்.

ஸ்டோரியில் டேபிள் பெயர், பட்டன் நிறம், எந்த டேட்டாபேஸ் என்பதெல்லாம் வேண்டாம். அவை உங்கள் இருவருக்குள் பேசிக்கொள்ள வேண்டியவை. கஸ்டமருக்கு வாசித்துக் காட்டும் தாளில் அவை இருந்தால் அவர் பாதியில் தலையாட்ட ஆரம்பித்துவிடுவார். அந்தத் தலையாட்டலை நம்பி வேலை செய்ய முடியாது.

3. ஸ்டோரியை நெடுக்காக வெட்டுங்கள்

இரண்டு பேர் இருந்தால் ஒருவர் ஸ்கிரீன், ஒருவர் சர்வர் என்று பிரித்துக்கொள்ளத் தோன்றும். அப்படியே ஸ்டோரியையும் பிரித்துவிடாதீர்கள். "டேட்டாபேஸ் டேபிள் போடுவது" ஒன்று, "ஸ்கிரீன் டிசைன்" ஒன்று என்று எழுதினால், ஸ்பிரிண்ட் முடிவில் இரண்டும் தொண்ணூறு சதவீதம் முடிந்திருக்கும், கஸ்டமரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு ஸ்டோரியும் ஸ்கிரீனிலிருந்து சேமிப்பு வரை சன்னமாகவாவது ஓட வேண்டும்.

எங்கள் உதாரணத்துக்கு முதல் ஸ்பிரிண்ட்டில் நான்கு போதும்: டி.சி. பதிவது, வந்த துணியைப் பதிவது, பாக்கிப் பட்டியல், டி.சி.யை முடித்து லாஸ் பார்ப்பது. லாகின், பாஸ்வேர்டு மாற்றுவது, ரிப்போர்ட்டை எக்செல்லில் இறக்குவது எல்லாம் பிறகு. முதல் இரண்டு வாரம் ஒரே ஒரு பின் நம்பர் போதும் என்று கஸ்டமரிடம் சொல்லிவிடுங்கள், ஆனால் நிஜ ரேட்டை அதில் ஏற்றச் சொல்லாதீர்கள்.

சர்வர் எடுப்பது, டொமைன், பேக்கப் இவற்றைக் கஷ்டப்பட்டு ஸ்டோரி வடிவத்துக்குள் திணிக்க வேண்டாம். வேலை என்று தனியாக எழுதி அதற்கு நேரம் ஒதுக்குங்கள். முதல் ஸ்பிரிண்ட்டில் அது நினைப்பதைவிட அதிகம் பிடிக்கும்.

4. கிரைட்டீரியாவை எண்களோடு எழுதுங்கள்

அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா என்பது இந்த ஸ்டோரி முடிந்ததா இல்லையா என்று ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய வரிகள். "பட்டியல் வேகமாக வர வேண்டும்", "எளிதாக இருக்க வேண்டும்" என்பவை இதில் சேராது. இரண்டு பேர் பார்த்து இரண்டு பதில் சொல்ல இடமிருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு ஒரு உதாரணத்தை எழுதுங்கள்.

டி.சி. 118-ஐ எடுத்துக்கொள்வோம். நேவி ப்ளூவுக்கு 500.0 கிலோ போனது. முதல் தடவை 288.4 கிலோ வந்தது, இரண்டாவது தடவை 190.6 கிலோ. மொத்தம் 479.0. ஆக 21.0 கிலோ குறைந்திருக்கிறது. இந்தக் கம்பெனியும் டையிங்காரரும் பேசிக்கொண்ட லாஸ் 5 சதவீதம் என்று வைப்போம்.

முதல் வரவு பதிந்ததும் பட்டியல் என்ன காட்ட வேண்டும்? கழித்தால் 211.6. ஆனால் அந்த 211.6 கிலோவும் டையிங்கில் துணியாக இருக்காது. வந்த 288.4-க்கு உரிய லாஸ் ஏற்கெனவே போய்விட்டது, அது திரும்பி வராது. ரோலை எண்ணிச் சரிபார்க்கலாமே என்றால் அதுவும் ஆகாது. டையிங் மெஷினில் ஏற்றும்போது துணியைச் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். துணியை அமுக்கிச் சீராக்கும் காம்பாக்டிங் முடிந்து வரும் கட்டுகளின் எண்ணிக்கை போன ரோல் எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை. ஆக, ஒரு டி.சி. முழுசாக வந்துவிட்டதா என்பதை எடையை வைத்தும் சொல்ல முடியாது, ரோலை வைத்தும் சொல்ல முடியாது. மனிதர்தான் சொல்ல வேண்டும். இந்த முடிவை எடுத்த பிறகு கிரைட்டீரியா இப்படி வந்தது:

- 500.0 கிலோ போன டி.சி.யில் 288.4 வரவு பதிந்தால், பாக்கி 211.6 என்று காட்ட வேண்டும். பக்கத்தில் "லாஸ் கழிக்காமல்" என்று இருக்க வேண்டும்.
- துணிப் பொறுப்பாளர் "முடிந்தது" என்று அழுத்தும்வரை லாஸ் சதவீதம் எங்கும் காட்டக் கூடாது.
- 190.6-ஐயும் பதிந்து "முடிந்தது" அழுத்தினால், லாஸ் 21.0 கிலோ, 4.2 சதவீதம் என்று காட்ட வேண்டும். சதவீதம் எப்போதும் போன எடை 500.0-க்கு.
- பேசிய லாஸ் 5 என்றால் அந்த வரி சாதாரணமாக இருக்கும். அதே டி.சி.க்கு 4 என்று பதிந்திருந்தால் சிவப்பில், "1.0 கிலோ அதிகம்" என்று வர வேண்டும்.
- 288.4-க்குப் பதில் 2884 என்று அடித்தால், போனதைவிட வந்தது அதிகம் என்று எச்சரித்து மீண்டும் கேட்க வேண்டும். ஆமாம் என்றால் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கடைசி வரியில் "ஏற்றுக்கொள்ள வேண்டும்" என்பதில் எங்களுக்குள் நீண்ட வாதம் நடந்தது. போனதைவிட அதிகம் வந்தால் தடுப்பதுதானே முறை என்று தோன்றும். ஆனால் வேறு லாட் துணி கலந்து வருவதுண்டு, சரியாகக் காயாமல் வருவதுண்டு. வண்டி வாசலில் நிற்கும்போது மென்பொருள் பதிய மறுத்தால் அந்த ஆள் பழைய நோட்டுக்கே போய்விடுவார், திரும்பி வர மாட்டார். தடுப்பதா, எச்சரிப்பதா என்ற கேள்வி வரும் ஒவ்வோர் இடத்திலும் அதை கஸ்டமரிடமே கேட்டு எழுதிவையுங்கள்.

டி.சி. பதிவு ஸ்டோரியில் ஒரு பொறி உண்டு. டி.சி. எண்ணை வெறும் எண்ணாக வைக்காதீர்கள். ஜி.எஸ்.டி. விதி 55-இன்படி டெலிவரி சலான் வரிசை எண் 16 எழுத்துக்கு மிகாமல், ஒன்று அல்லது பல வரிசைகளில் இருக்கலாம். "DY/24-25/118" மாதிரி எண் வைத்திருக்கும் கம்பெனிகள் ஏராளம். ஆகவே "எழுத்து, எண், சாய்கோடு, இடைக்கோடு கலந்து 16 வரை ஏற்க வேண்டும், 17-ஆவது ஏற்கக் கூடாது, அதே எண் இரண்டாம் முறை வந்தால் ஏற்கக் கூடாது" என்று எழுதிவிடுங்கள்.

ஒரு ஸ்டோரிக்கு நான்கிலிருந்து ஏழு வரிகள் எங்களுக்குச் சரியாக இருந்தன. பத்தைத் தாண்டினால் அது இரண்டு ஸ்டோரி.

கியூகம்பர் போன்ற கருவியால் தானியங்கிச் சோதனை வைக்கப் போகிறீர்கள் என்றால், அதன் கெர்கின் வடிவத்தில் தமிழ்ச் சொற்களே உண்டு:

```
# language: ta
அம்சம்: டையிங் பாக்கி

  காட்சி: துணி பாதி வந்திருக்கிறது
    கொடுக்கப்பட்ட டி.சி. 118-இல் 500.0 கிலோ போயிருக்கிறது
    எப்போது 288.4 கிலோ வரவு பதியப்படுகிறது
    அப்பொழுது பாக்கி 211.6 கிலோ என்று காட்ட வேண்டும்
    மற்றும் லாஸ் சதவீதம் காட்டக் கூடாது
```

முதல் ஸ்பிரிண்ட்டுக்கு இது கட்டாயமில்லை. கணக்கு வரும் இடங்களுக்கு மட்டும் வைத்தாலே பெரிய உதவி. மற்றதற்குச் சாதாரண வாக்கியம் போதும்.

5. எது இல்லை என்பதையும் எழுதுங்கள்

ஒவ்வொரு ஸ்டோரிக்கும் கீழே "இப்போது இல்லை" என்று ஒரு வரி விடுங்கள். ஷேடு சரியில்லை என்று துணியை ரீ-டையிங்குக்குத் திருப்பி அனுப்புவார்கள். அது பழைய டி.சி.யிலேயே போகிறதா, புது டி.சி.யா, லாஸை எதில் சேர்ப்பது என்று கேட்டால் கம்பெனிக்குள்ளேயே இரண்டு கருத்து வரும். அந்த வாதத்தை முதல் ஸ்பிரிண்ட்டில் இழுத்துக்கொள்ளாதீர்கள். "ரீ-டையிங் இப்போது இல்லை, அதுவரை நோட்டில்" என்று எழுதிக் காட்டிவிடுங்கள்.

இன்னொன்றும் இந்த வரியில் போகும். ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும், இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகும் என்று சி.ஜி.எஸ்.டி. சட்டம் 143-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு ஒரு நினைவூட்டல் நல்ல ஸ்டோரிதான். ஆனால் டையிங் துணி சாதாரணமாக அவ்வளவு நாள் நிற்காது, இரண்டாவது ஸ்பிரிண்ட்டுக்குத் தள்ளலாம். அதற்காகத் தேதியைப் பதியாமல் விட்டுவிடாதீர்கள். டி.சி. தேதி கட்டாயம் என்பது முதல் ஸ்டோரியிலேயே இருக்க வேண்டும்.

6. நிரல் எழுதாதவர் கிரைட்டீரியா எழுதட்டும்

பெரிய டீமில் ப்ராடக்ட் ஓனர் ஒருவர், டெஸ்டர் ஒருவர் என்று இருப்பார்கள். இரண்டு பேரில் அதற்கு ஆள் இல்லை. நாங்கள் வைத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று: எந்த ஸ்டோரிக்கு யார் நிரல் எழுதுகிறாரோ, அதன் கிரைட்டீரியாவை மற்றவர் எழுத வேண்டும், முடிந்ததும் அவரே ஓட்டிப் பார்க்க வேண்டும். நிரல் எழுதப்போகிறவர் எழுதினால், தன்னால் சுலபமாகச் செய்ய முடிந்தது மட்டும் கிரைட்டீரியாவில் வந்து நிற்கும். அவர் மோசம் செய்ய நினைப்பதால் இல்லை, அவர் மனதில் தீர்வு முன்கூட்டியே இருப்பதால்.

இரண்டு பேராக இருக்கும்போது "அவனுக்குத் தெரியும், எழுதத் தேவையில்லை" என்பது அடிக்கடி வரும். ஒரே மேஜையில் பேசியது பத்து நாள் கழித்து இருவர் நினைவிலும் ஒன்றாக இருக்காது. பேசி முடித்ததும் அந்த நிமிடமே ஒரு வரி ஸ்டோரி எழுதிய கார்டில் ஏறட்டும்.

எல்லா ஸ்டோரிக்கும் பொதுவானவற்றைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டாம். சின்ன போனில் திறந்து பார்த்தாயிற்று, மற்றவர் ஓட்டிப் பார்த்தாயிற்று, சர்வரில் ஏற்றியாயிற்று, பேக்கப் எடுத்தாயிற்று. இந்த நான்கையும் தனித்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இதைத்தான் டெஃபனிஷன் ஆஃப் டன் என்கிறார்கள். கிரைட்டீரியா ஸ்டோரிக்கு ஸ்டோரி மாறும், இது மாறாது.

7. நேரமும் செலவும்

இரண்டு வார ஸ்பிரிண்ட், வாரம் ஐந்து நாள், இரண்டு பேர் என்றால் கணக்குக்கு இருபது ஆள்-நாள். முதல் ஸ்பிரிண்ட்டில் அதில் பாதிக்கு, பத்துக்கு மட்டும் ஸ்டோரி எடுங்கள். மீதி சர்வர் அமைப்பு, கஸ்டமர் கம்பெனிக்குப் போய்வருவது, பழைய வேலைகளின் போன்கள் என்று போய்விடும். ஸ்டோரி பாயிண்ட், வெலாசிட்டி எல்லாம் இப்போது வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய ஸ்பிரிண்ட் எதுவும் உங்களிடம் இல்லை. அரை நாள், ஒரு நாள், இரண்டு நாள் என்ற மூன்று அளவு போதும். இரண்டு நாளைத் தாண்டும் என்று ஒருவர் சொன்னாலும் அதை வெட்டுங்கள். இருவரும் தனித்தனியாக அளவை எழுதிவிட்டுப் பிறகு காட்டுங்கள். ஒருவர் அரை நாள், மற்றவர் இரண்டு நாள் என்றால், கிரைட்டீரியாவில் ஏதோ ஒரு வரியை இருவரும் வேறு மாதிரி படித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

எழுதுவதற்கு எவ்வளவு நேரம்? ஒரு மாத ஸ்பிரிண்ட்டுக்குத் திட்டமிடல் அதிகபட்சம் 8 மணி நேரம் என்று ஸ்கிரம் கைடு வரம்பு வைக்கிறது. குறைந்த ஸ்பிரிண்ட்டுக்கு அதைவிடக் குறைவு. இரண்டு வாரத்துக்கு ஒரு முழுக் காலைப்பொழுது வைத்துக்கொண்டால் தாராளம். ஆனால் காகிதம் பார்த்த வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கருவிக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. ஜிராவின் இலவசத் திட்டமே பத்துப் பேர் வரை தாங்கும். இரண்டு பேருக்குக் கெட்டி அட்டைக் கார்டும் ஸ்கெட்ச் பேனாவும்கூடப் போதும். ஒரு கார்டின் முன்பக்கம் ஸ்டோரி, பின்பக்கம் கிரைட்டீரியா. பின்பக்கத்தில் அடங்கவில்லை என்றால் ஸ்டோரி பெரிது.

8. கஸ்டமரிடம் வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள்

கிரைட்டீரியா தாளை அனுப்பிவிட்டுப் "பார்த்துச் சொல்லுங்க" என்றால் "ஓகே தம்பி" என்று ஒரு நிமிடத்தில் பதில் வரும், யாரும் படித்திருக்க மாட்டார்கள். நேரில் போய், டி.சி. 118-இன் எண்களோடு வாசியுங்கள். எண்ணைக் கேட்டதும் ஆட்கள் உடனே திருத்துவார்கள். "இருங்க, நாங்க லாஸ் பேசறது கலருக்குக் கலர் மாறுமுங்க, டார்க்குக்கு வேற, லைட்டுக்கு வேற" என்று எங்களுக்கு ஒரு திருத்தம் வந்தது இப்படித்தான். லாஸ் சதவீதம் டையிங் வாரியாகவே இருக்கும் என்று வைத்திருந்தோம். அது டி.சி. வாரியாக மாறியது, ஒரு வரி நிரல் எழுதுவதற்கு முன்பே.

முதலாளியோடு துணிப் பொறுப்பாளரும் அந்த அறையில் இருக்க வேண்டும். ஒப்புதல் முதலாளியுடையது, தப்பைக் கண்டுபிடிப்பது பொறுப்பாளர். வாசித்து முடித்ததும் திருத்திய தாளை போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பி, அதற்குக் கீழே ஒப்புதலை வாங்கிவிடுங்கள். கொட்டேஷனில் தவணையை "முதல் கட்டம் முடிந்ததும்" என்று எழுதாமல், "இணைப்பிலுள்ள நான்கு ஸ்டோரிகளின் கிரைட்டீரியா நிறைவேறியதும்" என்று எழுதுங்கள். பணம் கேட்கும் நாளில் பேச்சு சுருக்கமாக முடியும்.

ஸ்பிரிண்ட் நடுவில் புதுசாக ஒன்று கேட்டால் மறுக்க வேண்டாம், புது கார்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உடனே வேண்டும் என்றால், அதே அளவுள்ள எந்தக் கார்டை எடுத்து வைப்பது என்று அவரையே காட்டச் சொல்லுங்கள்.

9. ஒத்திகை நாளில் கீபோர்டைத் தொடாதீர்கள்

ஸ்பிரிண்ட்டின் கடைசி நாள்தான் ஒத்திகை. அதற்கு முந்தின வாரத்து நிஜ டி.சி.க்களில் ஒரு பத்தை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பாதி வந்தது ஒன்று, லாஸ் அதிகமானது ஒன்று, இன்னும் எதுவுமே வராதது ஒன்று அதில் இருக்கட்டும். துணிப் பொறுப்பாளரே தன் போனில் பதியட்டும். நீங்கள் பக்கத்தில் கிரைட்டீரியா தாளோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் டிக் அல்லது பெருக்கல் குறி மட்டும் போடுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் வாயால் வழி சொன்னால் அந்த வரிக்கு டிக் போடக் கூடாது.

ஒரு கிரைட்டீரியா விழுந்தாலும் அந்த ஸ்டோரி முடியவில்லை. முக்கால்வாசி முடிந்தது என்ற கணக்கு கிடையாது. அது அப்படியே அடுத்த ஸ்பிரிண்ட்டின் முதல் கார்டாகப் போகும். கிரைட்டீரியா எல்லாம் டிக் ஆகியும் அவர் "இது இப்படி வேண்டாமுங்க" என்றால், அது புது ஸ்டோரி. அதற்கு அளவு போட்டு, அவர் கண் முன்னாலேயே கார்டில் எழுதுங்கள்.